முடித்த கிளெய்ம் கோப்புகளில் தாமதமும் வாசகப் பிழையும்: ஆடிட் மெமோ எழுத முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது பதிவான கடைச் சரக்குக் காப்பீட்டு கிளெய்ம்களை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கோப்பு எண்ணிக்கை, ரூபாய்க் கணக்கு எல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. விதிகளும் முறையும் நிஜம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே கோப்பைத் திறந்து தவறு தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பத்துக் கோப்பு தாண்டியதும் எந்த விதியை வைத்து அளந்தோம், எந்தத் தேதியை எடுத்தோம் என்று குழம்பி, திரும்ப முதலிலிருந்து வருகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் அந்த இரட்டை வேலை இருக்காது.

1. கோப்பைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், முடித்த கோப்புகளின் முழுப் பட்டியல் வேண்டும். எப்படி முடிந்தது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும்: பணம் கொடுத்தது, நிராகரித்தது, பணம் கொடுக்காமல் மூடியது. மூன்றாவது வகையைக் கிளைகள் பெரும்பாலும் தாமாகத் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள். ஆவணம் வரவில்லை என்று மூடிய கோப்புகள் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, எந்த விதி எந்தக் கோப்புக்கு என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2017 பாலிசிதாரர் நலன் பாதுகாப்பு விதிமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள், இழப்பை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும். சாதாரண கிளெய்மில் 30 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்து 30 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். 2024-இல் வந்த புதிய விதிமுறைகளும் மாஸ்டர் சுற்றறிக்கைகளும் இதை 24 மணி நேரம், 15 நாள், 7 நாள் என்று சுருக்கிவிட்டன. 2025-இல் மூடிய பட்டியலில் 2023 மழைக்காலத்தில் பதிவான கோப்பும் இருக்கலாம். அதைப் புதிய கெடுவால் அளந்தால் கிளை உங்கள் மெமோவை முதல் வரியிலேயே மறுத்துவிடும், நியாயமாகவும் இருக்கும்.

மூன்றாவது, பாலிசி வாசகம். 2021 ஏப்ரல் 1 முதல் சிறு கடைகளுக்கும் தொழில்களுக்கும், ஒரே இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால், பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா என்ற பொதுப் படிவம்தான் நடைமுறையில் இருக்கிறது. அதன் முழு வாசகத்தை அச்செடுத்து மேஜையில் வையுங்கள். நினைவை நம்பிப் படித்தால் பழைய ஃபயர் பாலிசியின் வாசகம்தான் மனதில் வரும்.

புயலுக்குப் பிறகு தலைமை அலுவலகம் தனி உத்தரவு ஏதாவது போட்டிருந்தால் அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகத் தளர்வு இருந்தது என்று பிறகு சொன்னால் அதை ஏற்க வழியில்லை.

2. மாதிரியை எடுப்பது

பட்டியலில் 212 கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பணம் கொடுத்தது 168, நிராகரித்தது 19, பணமின்றி மூடியது 25. நாற்பது கோப்பு பார்க்க நேரம் இருக்கிறது. மொத்தத்திலிருந்து கண்ணை மூடி நாற்பது எடுத்தால், நிராகரித்த கோப்பு மூன்று நான்குதான் வரும். வாசகப் பிழை அதிகம் உள்ள இடமே அதுதான். அதனால் வகைக்கு வகை பிரித்து 20, 10, 10 என்று எடுங்கள்.

ஒவ்வொரு வகையிலும் எக்செல்லில் பக்கத்து நெடுவரிசையில் `=RAND()` போட்டு, வரும் எண்களை மதிப்பாக ஒட்டி நிலைப்படுத்திவிட்டு வரிசைப்படுத்துங்கள். நிலைப்படுத்தாவிட்டால் தாளைத் தொடும்போதெல்லாம் எண்கள் மாறும். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அலமாரியில் கைக்கு வந்த கோப்பை எடுப்பதும், கிளை எடுத்துக் கொடுப்பதை வாங்குவதும் வேண்டவே வேண்டாம்.

ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பதில் அடுத்ததை எடுக்காதீர்கள். கிடைக்காததே ஒரு கண்டறிதல். அப்படியே பதிவு செய்யுங்கள்.

3. தேதிச் சங்கிலி

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒவ்வொரு கோப்புக்கும் ஏழு தேதி வேண்டும்: தகவல் வந்தது, கணினியில் பதிவானது, சர்வேயரை நியமித்தது, ஆவணம் கேட்டது, ஆவணம் வந்தது, அறிக்கை வந்தது, முடிவைக் கடிதமாக அனுப்பியது. பணம் கொடுத்த கோப்பில் வங்கிக்குப் பணம் போன தேதி எட்டாவது.

ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், அது எந்தத் தாளிலிருந்து வந்தது என்று எழுத ஒரு கட்டம் விடுங்கள். மின்னஞ்சல், இன்வார்டு முத்திரை, தபால் ரசீது, கணினித் திரை, எதுவானாலும் சரி. இந்தக் கட்டம் காலியாக இருக்கும் தேதியை மெமோவில் பயன்படுத்தாதீர்கள்.

காரணம் எளிது. கணினி காட்டும் தேதி, ஊழியர் உட்கார்ந்து பதிவு செய்த தேதி. புயல் சமயத்தில் மின்சாரம் இல்லை, இணையம் இல்லை. ரெயின்போ நகர் கடைக்காரர் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், ஏஜெண்ட் கிளைக்கு மின்னஞ்சல் போடுவார், பதிவு மூன்று நாள் கழித்து நடக்கும். பதிவுத் தேதியிலிருந்து எண்ணினால் எல்லாக் கோப்பும் கெடுவுக்குள் இருப்பதாகத் தெரியும். கிளைக்குத் தகவல் வந்ததற்குக் கோப்பில் இருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று எதுவோ, அங்கிருந்து எண்ணுங்கள்.

எக்செல்லில் ஒரு பொறி இருக்கிறது. கணினியிலிருந்து இறக்கிய தாளில் 07-12-2024 என்று இருப்பதைச் சில கணினிகள் ஜூலை 12 என்று எடுத்துக்கொள்ளும். 12-க்கு மேற்பட்ட தேதிகள் வெறும் எழுத்தாக நின்றுவிடும். நாள் கணக்கு கழித்தல் குறியோடு வந்தாலோ, நூற்றைம்பது நாள் என்று திடீரென எகிறினாலோ முதலில் இதைச் சந்தேகியுங்கள். நெடுவரிசை முழுக்க எழுத்தாகவே இறக்கிக்கொண்டு, பிறகு இப்படி மாற்றுவது பாதுகாப்பு:

```
=DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2))
```

நாட்களைக் காலண்டர் நாளாகவே எண்ணுங்கள். விடுமுறையைக் கழித்து எண்ணும் வழக்கம் கிளைகளில் உண்டு. விதியில் வேலை நாள் என்று இல்லாத இடத்தில் அதை நாமாகச் சேர்க்கக் கூடாது.

4. தாமதத்தை யார் கையில் நின்றது என்று பிரிப்பது

கடலூர் முதுநகரில் ஒரு மளிகைக் கடைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 3 மாலை ஏஜெண்டின் மின்னஞ்சல் கிளைக்கு வந்தது. பதிவு டிசம்பர் 6. சர்வேயர் நியமனம் டிசம்பர் 7. அவர் ஆவணம் கேட்டது 12. கடைக்காரர் சரக்கு விவரமும் கொள்முதல் பில்களும் கொடுத்தது 20. அதே பில்களைத் திரும்பக் கேட்டுச் சர்வேயர் எழுதியது 2025 ஜனவரி 2. அறிக்கை ஜனவரி 13. முடிவுக் கடிதம் ஜனவரி 31. பணம் பிப்ரவரி 5.

கணினி சொல்வது: பதிவான மறுநாளே சர்வேயர், மொத்தம் 61 நாள். தாள் சொல்வது: நியமனத்துக்கு 4 நாள், மொத்தம் 64 நாள். மொத்தத்தில் மூன்று நாள்தான் வித்தியாசம். ஆனால் முதல் கெடு நிறைவேறியதா மீறியதா என்பதே அந்த மூன்று நாளில் மாறிவிடுகிறது.

அடுத்து, அறிக்கைக்கு ஆன 37 நாளை உடையுங்கள். நியமனத்திலிருந்து ஆவணம் கேட்கும்வரை 5 நாள், சர்வேயரிடம். கேட்டதிலிருந்து கிடைக்கும்வரை 8 நாள், கடைக்காரரிடம். அதன்பிறகு 13 நாள் கோப்பில் ஒரு தாள்கூட அசையவில்லை. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பக் கேட்டு ஜனவரி 2-இல் கடிதம் போயிருக்கிறது. அங்கிருந்து அறிக்கைக்கு 11 நாள். ஆக 37-இல் 29 நாள் சர்வேயர் பக்கம்.

இப்படிப் பிரிக்காமல் ‘அறிக்கை 22 நாள் தாமதம்’ என்று மட்டும் எழுதினால், ‘பாலிசிதாரர் ஆவணம் தரவில்லை’ என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும். பிரித்துக் காட்டினால், அந்த எட்டு நாளை முழுக்கக் கழித்தும் 15 நாள் கெடு மீறப்பட்டது தெரியும். சர்வேயரிடம் நின்ற நாளையும் நிறுவனத்தின் கணக்கில்தான் வையுங்கள். அறிக்கையைக் கெடுவுக்குள் கேட்டு வாங்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. நினைவூட்டல் போட்டார்களா என்று கோப்பில் தேடி, இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

அறிக்கை வந்ததிலிருந்து முடிவுக்கு 18 நாள். கெடு 7. இடையில் பொங்கல் வந்தது என்று கிளை சொல்லும். பதிலாக அதைப் பதிவு செய்யுங்கள். பண்டிகை நாட்களைக் கழித்தாலும் கெடு தாண்டுகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

5. வாசகப் பிழையைத் தேடிப் படிப்பது

தேதி வேலை முழுக்க முடிந்த பிறகே கடிதங்களைப் படியுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கண் தேதியைத் தேடும், வாக்கியத்தைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு கோப்பிலும் மூன்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும்: பாலிசி, அலுவலகக் குறிப்பு, பாலிசிதாரருக்குப் போன கடிதம். குறிப்பில் சொன்ன காரணமும் கடிதத்தில் சொன்ன காரணமும் ஒன்றுதானா? கடிதம் எந்த நிபந்தனையைச் சுட்டுகிறது? அந்த நிபந்தனை இந்தப் பாலிசியில் உண்மையிலேயே இருக்கிறதா? இந்த மூன்று கேள்விதான்.

எழுத்துப் பிழையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதும், தவறான நிபந்தனையைச் சுட்டியதும் ஒரே பட்டியலில் இருந்தால், படிக்கிற மேலாளர் இரண்டையும் சில்லறை என்று எடுத்துக்கொள்வார். பாலிசிதாரரின் பணத்தையோ உரிமையையோ மாற்றும் வாசகம் மட்டும் மெமோவுக்கு வரட்டும். மற்றதைக் கிளையிடம் தனித் தாளில் கொடுத்துவிடலாம்.

பணத்தை மாற்றும் பிழைக்கு அதே முதுநகர்க் கோப்பு. சேதமான அன்று சரக்கின் மதிப்பு 10,00,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை 8,80,000. அதாவது 12 சதவீதம் குறைவாகக் காப்பீடு செய்திருக்கிறார். சர்வேயர் கணித்த இழப்பு 2,40,000. அறிக்கையில் ‘குறைக் காப்பீடு காரணமாக விகிதப்படி குறைக்கப்படுகிறது’ என்ற பத்தி இருக்கிறது. 28,800 ரூபாய் கழித்து 2,11,200 கொடுத்திருக்கிறார்கள். சூட்சும உத்யம் படிவத்தில் 15 சதவீதம் வரையான குறைக் காப்பீட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பழைய ஃபயர் பாலிசி அறிக்கையிலிருந்து ஒரு பத்தி அப்படியே நகலாகி வந்திருக்கிறது. கிளையும் அதே வரியைக் கடிதத்தில் ஏற்றிவிட்டது. (எக்ஸஸ், சால்வேஜ் கழிவுகளை இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன். நிஜக் கோப்பில் அவற்றையும் சரிபார்க்க வேண்டும்.)

இப்படி ஒன்று கிடைத்தால் அதே சர்வேயரின் மற்ற அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள், மாதிரிக்கு வெளியே இருந்தாலும். நகல் பத்தி ஒரு கோப்போடு நிற்பதில்லை. ஆனால் அப்படிக் கிடைத்தவற்றை மாதிரி எண்ணிக்கையில் சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள்.

நிராகரிப்புக் கடிதத்தில் பார்க்க வேண்டியது காரணம். ‘பாலிசி நிபந்தனைகளின்படி ஏற்க இயலாது’ என்று மட்டும் இருந்தால் அது பிழை. எந்த நிபந்தனை என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். குறிப்பில் இரண்டு காரணம் இருந்து கடிதத்தில் ஒன்று மட்டும் போயிருந்தால் அதுவும் பிழை, நிறுவனத்துக்கே பாதகமான பிழை. கலாடா பவர் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத தாமதத் தகவல் காரணத்தை நிறுவனம் பிறகு எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. மேலாளர்கள் வாசகப் பிழையை அசட்டை செய்யும்போது நான் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகும் வழி அங்கே இருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரி நகரம், காரைக்கால் மூன்றுக்கும் சென்னை அலுவலகம். மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போகும். புதுச்சேரிக் கிளையின் கடிதத்தில் எல்லாருக்கும் ஒரே முகவரி அச்சாகியிருந்தால் மாஹே, ஏனாம் பாலிசிதாரருக்குத் தவறான கதவு காட்டப்படுகிறது. ஆம்புட்ஸ்மேன் வழங்கக்கூடிய தொகையின் வரம்பும் 2023 நவம்பரில் 30 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்ந்துவிட்டது. பழைய தொகை இருந்தால், 40 லட்சம் கிளெய்ம் உள்ளவர் தனக்கு அந்த வழியே இல்லை என்று நினைத்துவிடுவார்.

பணம் கொடுத்த கோப்பில் பார்க்க வேண்டியது, பணம் பெற பாலிசிதாரர் கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சர். கையெழுத்துப் போட்டதாலேயே கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமை பறிபோகாது என்று ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதற்கு எதிரான வாசகம் இன்னும் வவுச்சரில் இருந்தால் எடுத்து எழுதுங்கள்.

பணமின்றி மூடிய கோப்பில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பாலிசிதாரருக்குக் கடிதம் போனதா? பல கோப்பில் போயிருக்காது. அவர் இன்னும் காத்திருப்பார்.

6. மெமோவுக்கு முன் கிளையிடம் கேள்வித் தாள்

கண்டதை நேராக மெமோவில் ஏற்றாதீர்கள். கோப்பு எண், நீங்கள் எடுத்த தேதி, சான்று, உங்கள் கேள்வி என்று ஒரு தாள் தயாரித்துக் கிளைக்கு அனுப்பி ஐந்து வேலை நாள் கொடுங்கள். சில தாள்கள் சர்வேயர் அலுவலகத்திலோ ஊழியரின் மின்னஞ்சலிலோ இருக்கும், வந்து சேரும். அந்தக் கால அவகாசத்தில் வரும் பழைய தேதியிட்ட குறிப்பு, அன்றைக்கு எழுதியதுதானா என்று மின்னஞ்சல் தலைப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பதில் வராவிட்டால் ‘பதில் வரவில்லை’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

7. மெமோ எழுதுவது

முதல் பத்தியில் எல்லை: எந்தக் கிளை, எந்த மாதங்களில் மூடிய கோப்பு, 212-இல் 40 எப்படி எடுத்தோம், எந்த விதியால் அளந்தோம். அதன் கீழேயே மிக முக்கியமான இரண்டு மூன்று கண்டறிதல். மேலாளர் முதல் பக்கம் தாண்டிப் படிப்பார் என்று எண்ணி எழுதக் கூடாது.

எண்ணிக்கையில் கவனம் வேண்டும். நிராகரித்த கோப்பில் பாதிக்கு மேல் எடுத்தோம், பணம் கொடுத்ததில் எட்டில் ஒன்றுதான். அதனால் ‘40-இல் 14, அதாவது 35 சதவீதம் பிழை’ என்று எழுதினால் 212 கோப்பையும் பற்றிய தவறான படம் கிடைக்கும். வகைக்கு வகை எண்ணாகவே சொல்லுங்கள்: பணம் கொடுத்த 20-இல் இத்தனை, நிராகரித்த 10-இல் இத்தனை.

ஒவ்வொரு கண்டறிதலும் ஒரே ஒழுங்கில் போகட்டும்: விதி, கண்டது, சான்று, விளைவு, கிளையின் பதில், செய்ய வேண்டியது. மேலே சொன்ன கோப்பு மெமோவில் இப்படி வரும்:

*கோப்பு 17, கடைச் சரக்கு, வெள்ளம். படிவத்தின்படி 15 சதவீதம் வரையான குறைக் காப்பீட்டுக்குக் கழிவு இல்லை. அறிக்கை பக்கம் 4-இல் 12 சதவீதத்துக்குக் கழிவு போடப்பட்டுள்ளது. 31-01-2025 கடிதம் அதையே திரும்பச் சொல்கிறது. குறைவாகக் கொடுத்த தொகை ரூ. 28,800. அறிக்கை வந்து 18-ஆம் நாள் முடிவு, கெடு 7. தாமத வட்டி கணக்கிடப்பட்டதற்குக் கோப்பில் சான்று இல்லை. கிளையின் பதில்: பொங்கல் விடுமுறை; கழிவு பற்றிப் பதில் இல்லை. செய்ய வேண்டியது: கோப்பை மறுபடி திறந்து மீதித் தொகையும் வட்டியும் வழங்குதல், கிளெய்ம் பிரிவு, 15 நாளுக்குள்.*

தாமத வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். 2024 ஏப்ரல் 1-இல் வங்கி விகிதம் 6.75, ஆக 8.75 சதவீதம். கொடுத்த 2,11,200-க்கு ஒரு நாளுக்கு சுமார் 50 ரூபாய் 63 காசு வரும். எந்தத் தேதியிலிருந்து எண்ணினீர்கள் என்பதைக் கணக்கின் பக்கத்திலேயே எழுதுங்கள். தகராறு வருவது விகிதத்தில் இல்லை, தொடங்கும் நாளில்தான்.

‘அலட்சியம்’, ‘வேண்டுமென்றே’ போன்ற சொற்களைத் தவிர்க்கவும். 13 நாள் தாள் அசையவில்லை என்பது கோப்பில் இருக்கிறது. ஏன் அசையவில்லை என்பது கோப்பில் இல்லை. ஊழியர் பெயரும் வேண்டாம், பதவி போதும். பாலிசிதாரரின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எதுவும் மெமோவில் வரக் கூடாது. கோப்பு எண் மட்டும்.

8. மெமோ போன பிறகு

கிளை ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பினால் அதோடு கண்டறிதலை மூடிவிடாதீர்கள். மீதித் தொகை போனதற்கு வங்கிப் பரிமாற்ற எண், திருத்திய கடிதத்தின் நகல், மாற்றிய கடிதப் படிவம், இந்தத் தாள்கள் வந்த பிறகே மூடவும். படிவத்தை மாற்றினோம் என்று சொன்னால், அதற்குப் பிறகு போன முதல் மூன்று கடிதங்களை வாங்கிப் பாருங்கள். கணினியில் மாற்றிய படிவம் இருக்க, ஊழியர் தன் மேஜைக் கணினியில் வைத்திருக்கும் பழைய நகலையே பயன்படுத்துவது வழக்கம். அந்த மூன்றில் ஒன்றில் பழைய வாசகம் இருந்தாலும் கண்டறிதல் திறந்தே இருக்கட்டும்.